போட்டோவில் டாலரன்ஸ், துண்டுச் சீட்டில் திட்ட விலக்கம்: ஒரே கணக்குக்கு மூன்று விடை

சேதராப்பட்டில் நாங்கள் வைத்திருப்பது சின்ன ஜாப் ஒர்க் ஷாப்தான், நாலு சிஎன்சி லேத், ஒரு மில்லிங், ஒரு ஏசி ரூம், அதற்குள் மைக்ரோமீட்டர்களும் ஒரு ஹைட் கேஜும். இந்த வருஷம் அப்ரண்டிஸாக வந்த ஆறு டிப்ளமா பிள்ளைகளுக்கு மெஷினின் ஆட்டம் டாலரன்ஸுக்குள் எவ்வளவு அடங்குகிறது என்று சொல்லும் சிபி கணக்கு ஒன்றை நிஜ வேலையிலிருந்தே கொடுக்கலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பதிவு. புத்தகத்தில் இருப்பது போல மேல் எல்லை யுஎஸ்எல் இவ்வளவு, கீழ் எல்லை எல்எஸ்எல் இவ்வளவு, திட்ட விலக்கமான சிக்மா இவ்வளவு என்று தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. ஷாப்பில் எனக்கு எப்படி வருமோ அப்படியே கொடுத்தேன்: வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

முதல் போட்டோ கஸ்டமர் டிராயிங்கின் ஒரு பகுதி. லேமினேட் செய்த டிராயிங்கை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்தது. இரண்டாவது, மெஷின் பக்கத்துப் போர்டில் ஒட்டியிருக்கும் எக்ஸ்-பார் சார்ட். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 50 பீஸ், `s = 6.2`. யூனிட் கூட எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டதில்லை, அளந்த பையன் எப்போதுமே அப்படித்தான் எழுதுவான்.

பாகம் ஒரு சாதாரண ஷாஃப்ட். விட்டம் 16 மி.மீ. வருகிற இடத்தில்தான் கணக்கு. இரண்டு இரண்டு பேராக மூன்று டீம், அரை மணி நேரம் கழித்து மூன்று விடை. ஒரு டீம் 2.31 என்றது, இன்னொன்று 0.33, மூன்றாவது 1.16. ஒரே மெஷின், ஒரே 50 பீஸ். 2.31 என்றால் அந்த மெஷினுக்குக் கோயில் கட்டலாம், 0.33 என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.

சூத்திரத்தில் யாரும் தவறவில்லை, அது மூன்று டீம் தாளிலும் ஒன்றேதான். டாலரன்ஸின் மொத்த அகலத்தை ஆறு திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும்:

```
Cp = (USL - LSL) / (6 * s)
```

யூனிட்டையும் மூன்று டீமும் சரியாகவே பிடித்தார்கள், 6.2 என்பது மைக்ரான், அதாவது 0.0062 மி.மீ., ஆக கீழே வருவது 0.0372. மேலே வருகிற அகலத்தில்தான் ஆளுக்கொரு வழியில் போயிருந்தார்கள்.

முதலில் 2.31. டிராயிங்கில் 16 பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சின்ன எண் இருக்கும், மேலே 0, கீழே −0.043. போட்டோவில் டியூப் லைட் வெளிச்சம் சரியாக அந்த மேல் வரிசையில் பளபளத்ததால் 0 காணாமல் போய்விட்டது, கீழே இருந்த மைனஸ் குறிக்கு மேல் ஏதோ ஒரு கீறல். பார்த்தால் ±0.043 என்றுதான் தெரியும், எனக்கே முதலில் அப்படித்தான் தெரிந்திருக்கும், டிராயிங் மனப்பாடம் இல்லாவிட்டால். அகலம் 0.086 என்று எடுத்து 0.0372-ஆல் வகுத்தால் 2.31. டாலரன்ஸ் இரட்டிப்பானதால் சிபியும் அப்படியே இரட்டிப்பாகிவிட்டது.

ஆனால் அதே போட்டோவிலேயே மறுப்பும் இருந்தது. 16-க்கு ஒட்டினாற்போல `h9` என்று தெளிவாக இருக்கிறது. ஷாஃப்டுக்கு h என்றால் மேல் பக்க வித்தியாசம் எப்போதும் பூஜ்யம், டாலரன்ஸ் முழுக்கக் கீழ்ப்பக்கம்தான் போகும். 10-க்கு மேல் 18 மி.மீ. வரையிலான அளவுக்கு 9-ஆம் கிரேடு அகலம் 43 மைக்ரான். ஆக அளவு 16.000-இலிருந்து 15.957 வரை. எண் மங்கிப்போனாலும் எழுத்து காப்பாற்றும், எழுத்து மங்கினால் எண் காப்பாற்றும், இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் போட்டோவை விட்டுவிட்டு எழுந்து போய் டிராயிங்கைப் பார்க்க வேண்டும்.

அந்த டீமில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், "2.31 வந்ததே, சந்தேகமே வரலையாம்மா?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னது: "சார், ஓவர்சைஸ் டிரேல நாலு பீஸ் கிடந்துச்சு, அது வேற பார்ட்டுன்னு நினைச்சேன்." அதே பார்ட்தான். சிபி 2.31 உள்ள மெஷினில் ரீவொர்க் டிரே தேவையே இருக்காது, ஏனென்றால் அந்தக் கணக்குப்படி எல்லை நடுவிலிருந்து கிட்டத்தட்ட ஏழு திட்ட விலக்கம் தள்ளிப் போய்விடுகிறது. அவள் கண்ணில் பட்ட டிரேவே போட்டோ படித்த விதம் தப்பு என்று சொல்லிவிட்டது, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால் போதும்.

போட்டோ விஷயத்தில் இன்னும் ஒன்று. அளவு தெரிகிற இடத்தை மட்டும் ஜூம் செய்து எடுத்தால் டிராயிங்கின் கீழ் வலது மூலை வராது, ரிவிஷன் எண் அங்கேதான் இருக்கிறது. குறிப்புகளும் வராது. "அளவுகள் ப்ளேட்டிங்குக்குப் பிறகு" என்று ஒரு வரி அந்தக் குறிப்பில் இருந்துவிட்டால் லேத்தில் பிடிக்க வேண்டிய எல்லையே மாறிவிடும்: பக்கத்துக்கு 8 மைக்ரான் ஜிங்க் ஏறினால் விட்டம் 16 மைக்ரான் கூடும், நம்மிடம் இருப்பதே 43. இந்த ஷாஃப்ட்டுக்கு ப்ளேட்டிங் கிடையாது, எண்ணெய் தடவி அனுப்புவதுதான், இருந்தாலும் போட்டோவை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும், தசமப் புள்ளி பிழைப்பதும் தொலைவதும் பல நேரம் இதில்தான் இருக்கிறது.

அடுத்து 0.33. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு. அந்த டீம் டிராயிங் போட்டோ சரியாகத் தெரியவில்லை என்று இரண்டாவது போட்டோவுக்குப் போய்விட்டது. அதில் பெரிய எழுத்தில் மேல் எல்லை 15.9912, கீழ் எல்லை 15.9788 என்று கோடு போட்டு அழகாக இருக்கிறது. எல்லை என்றால் எல்லைதானே. கழித்தால் 0.0124, 0.0372-ஆல் வகுத்தால் 0.33.

அது கண்ட்ரோல் லிமிட். கஸ்டமர் கேட்ட எல்லை டிராயிங்கில் இருக்கிறது, போர்டில் இருப்பது மெஷின் தானாக எவ்வளவு ஆடும் என்று மெஷினின் அளவுகளிலிருந்தே நாம் கணக்கிட்டுப் போட்ட கோடு, அதுவும் ஒவ்வொரு பீஸுக்கும் இல்லை, ஐந்து ஐந்து பீஸின் சராசரிக்கு. இந்த வித்தியாசத்தை வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறார்கள், பரீட்சையில் எழுதியும் இருப்பார்கள். ஆனால் போட்டோவில் இரண்டு கிடைக்கோடும் இரண்டு எண்ணும் தெரிந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதைப் போர்டில் போட்டுக் காட்டிய பிறகுதான் பிள்ளைகள் முகம் மாறியது. எக்ஸ்-பார் சார்ட்டின் எல்லை என்பது சராசரியிலிருந்து இரு பக்கமும் மூன்று சிக்மாவை √5-ஆல் வகுத்த தூரம். மொத்த அகலம் ஆறு சிக்மா வகுத்தல் √5. அதை எடுத்து டாலரன்ஸ் என்று நினைத்து, சார்ட்டுக்குப் பயன்படுத்திய அதே ஆறு சிக்மாவால் வகுத்தால் என்ன வரும்? சிக்மா அடிபட்டுப் போய் 1/√5 மட்டும் மிஞ்சும், 0.447. எந்த மெஷினாக இருந்தாலும், எந்தப் பாகமாக இருந்தாலும், உலகத்திலேயே நல்ல கிரைண்டராக இருந்தாலும் அதேதான். ஐந்து ஐந்தாக எடுத்த சார்ட்டில் யாராவது சிபி 0.45 என்று கொண்டு வந்தால் நான் மெஷினைப் பார்க்கப் போக மாட்டேன், எந்த எல்லையை எடுத்தாய் என்றுதான் முதலில் கேட்பேன். நாலு நாலாக எடுத்திருந்தால் சரியாக 0.5 வரும்.

சரி, அப்படியானால் இவர்களுக்கு ஏன் 0.447 வராமல் 0.33 வந்தது? இந்தக் கேள்வியை அந்த டீமில் இருந்த வில்லியனூர்ப் பையனே கேட்டான், அதற்காகவே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம், சீட்டில் இருந்த 6.2-ம் சார்ட்டுக்குப் போட்ட சிக்மாவும் ஒன்றில்லை. இங்கேதான் கணக்கு உண்மையில் தொடங்குகிறது.

சார்ட்டின் சிக்மா ஐந்து பீஸ் கூட்டத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்திலிருந்து வருவது. ஒவ்வொரு கூட்டத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, அந்தப் பத்து ரேஞ்சுக்கும் சராசரி எடுத்தால் எங்களுக்கு 10.7 மைக்ரான். ஐந்து பீஸ் கூட்டத்துக்கான மாறிலி 2.326, அதால் வகுத்தால் 4.6 மைக்ரான். சீட்டில் இருப்பது 50 பீஸையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கண்டுபிடித்த திட்ட விலக்கம், 6.2. மெஷின் காலையிலிருந்து மாலை வரை ஒரே இடத்தில் நின்று ஆடியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும். 4.6-க்கும் 6.2-க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்றால் சராசரியே ஷிப்டுக்குள் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டுக்கும் இரண்டு பெயர் உண்டு. கூட்டத்துக்குள் இருக்கும் சிக்மாவை வைத்தால் சிபி, 43-ஐ 27.6-ஆல் வகுக்க 1.56. மொத்தக் குவியலின் திட்ட விலக்கத்தை வைத்தால் அதைப் பிபி என்று சொல்ல வேண்டும், 43-ஐ 37.2-ஆல் வகுக்க 1.16. ஆட்டோ கம்பெனிகளுக்குப் பாகம் போடுகிறவர்கள் இந்தப் பெயர் விஷயத்தில் கறாராக இருப்பார்கள், நிறைய இடத்தில் இரண்டையும் சிபி என்றே எழுதிவிடுவார்கள். பெயர் எதுவானாலும் சரி, எந்தத் திட்ட விலக்கம் என்று சீட்டில் ஒரு வார்த்தை இருந்தால் போதும். ஒரு திட்ட விலக்கம் மட்டும் தனியாக எழுதி வந்தால் அது பெரும்பாலும் எக்செல்லில் `STDEV.S` போட்டதாகவோ கால்குலேட்டரில் `sx` பார்த்ததாகவோ இருக்கும், அதாவது மொத்தக் குவியல். கால்குலேட்டரில் பக்கத்திலேயே இருக்கும் `σx` எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்காமல் வகுப்பது, 50 பீஸுக்கு நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம், ஆனால் ஐந்தே பீஸ் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அதுவே நூற்றில் பத்துக்கு மேல் சிபியை ஊதிக் காட்டும்.

இனி மூன்றாவது டீம், 1.16. எண் சரி, டிராயிங்கும் சரியாகப் படித்திருக்கிறார்கள், `h9`-ஐ அட்டவணையில் பார்த்துச் சரிபார்த்துக் கூட இருக்கிறார்கள். கடைசி வரியில் "சிபிகே = 1.16, ஓகே" என்று எழுதியதுதான் பிரச்சினை. சிபிகே என்பது சராசரி பக்கத்து எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. நான் கொடுத்ததில் சராசரி எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை, அதாவது டிராயிங்கிலும் சீட்டிலும். எல்லையும் திட்ட விலக்கமும் மட்டும் தெரிந்தால் டாலரன்ஸுக்குள் மெஷினின் ஆட்டம் அடங்குமா என்று மட்டும்தான் சொல்லலாம். அடங்கக்கூடிய ஆட்டம் நடுவில் நிற்கிறதா ஓரத்தில் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. சிபிகே என்று எழுதினால் சராசரி சரியாக 15.9785-இல் நிற்கிறது என்று சாட்சி சொல்கிற மாதிரி.

ஆனால் சராசரி அவர்கள் கையிலேயே இருந்தது. இரண்டாவது போட்டோவில் இரண்டு எல்லைக்கும் நடுக்கோடு இருக்கிறதே, 15.985. தப்பான போட்டோ என்று ஒதுக்கிய அந்த சார்ட்டிலிருந்து எடுக்க வேண்டிய ஒரே எண் அதுதான். எக்செல்லில் B1-இல் மேல் எல்லை, B2-இல் கீழ் எல்லை, B3-இல் மி.மீ. கணக்கில் திட்ட விலக்கம், B4-இல் சராசரி என்று வைத்துக்கொண்டால்:

```
=(B1-B2)/(6*B3)
=MIN((B1-B4)/(3*B3),(B4-B2)/(3*B3))
```

மேல் பக்கம் 16.000-க்கும் 15.985-க்கும் நடுவே 15 மைக்ரான்தான், மூன்று திட்ட விலக்கம் 18.6, வகுத்தால் 0.81. கீழ்ப்பக்கம் 28 மைக்ரான் தாராளமாக இருக்கிறது, 1.51. சிறியதை எடுக்க வேண்டும், ஆக 0.81. "1.16, ஓகே" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் ஆயிரத்துக்கு எட்டு பீஸ் போல ஓவர்சைஸ் போகிற மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆயிரத்துக்கு எட்டு என்பது அளவுகள் மணி வடிவத்தில் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் வருவது, இங்கே அது முழுக்கச் சரியில்லை, அதற்கு வருகிறேன்.

1.16 என்பதுமே எவ்வளவு உறுதியான எண்? 50 பீஸை வைத்துக் கண்டுபிடித்த திட்ட விலக்கம் அடுத்த 50 பீஸில் கொஞ்சம் மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறலாம் என்பதற்குக் கை-வர்க்கப் பரவலை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது, B5-இல் 1.16-ஐ வைத்து:

```
=B5*SQRT(CHISQ.INV(0.025,49)/49)
=B5*SQRT(CHISQ.INV(0.975,49)/49)
```

கீழே 0.93, மேலே 1.39. கஸ்டமர் கேட்பது 1.33. அதாவது இந்த 50 பீஸை மட்டும் வைத்து மெஷின் 1.33-ஐத் தாண்டிவிட்டது என்றும் சொல்ல முடியாது, தாண்டவே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. அளவுகள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது இந்த இடைவெளி கூட நம்மை நல்லவிதமாகக் காட்டுவதுதான். 1.16 என்பதை 1.1559 என்று நாலு தசமத்துக்கு எழுதிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இவ்வளவும் பேப்பரில். அப்புறம் எல்லோரும் எழுந்து மெஷினிடம் போனோம், ஏனென்றால் சராசரி ஏன் 15.985-இல் நிற்கிறது என்பது கணக்கில் கிடைக்காது.

லேத்தில் வெளிவிட்டம் பிடிக்கும்போது இன்சர்ட் தேயத் தேயக் கத்தி முனை பின்வாங்கும், பாகத்தின் விட்டம் கூடிக்கொண்டே போகும். ஒரே பக்கமாகத்தான் போகும். எங்கள் செட்டர் அண்ணன் புது இன்சர்ட் போட்டதும் 15.978 வரும்படி, கத்தியின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் வைக்கிறார், அது டாலரன்ஸின் நடு, யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் மெதுவாக ஏறுகிறது. ஆபரேட்டர் அவ்வப்போது அளந்து பார்க்கிறார், 15.992 போல வந்த பிறகுதான் ஆஃப்செட் குறைக்கிறார், கிட்டத்தட்ட 60 பீஸுக்கு ஒருமுறை. நடுவில் தொடங்கி மேலே மட்டும் ஏறுகிற ஒன்றுக்குச் சராசரி எப்படி நடுவில் இருக்கும்? ஏற்றத்தின் பாதியில்தான் இருக்கும், 15.985. கணக்கும் மெஷினும் ஒரே கதையைச் சொல்கின்றன.

அந்த 4.6-உம் 6.2-உம் கூட இதோடு ஒட்டிவிடுகின்றன. 14 மைக்ரான் ஒரே சீராக ஏறினால் அந்த ஏற்றத்துக்கு மட்டும் திட்ட விலக்கம் 14-ஐ √12-ஆல் வகுத்தது, 4 மைக்ரான் சொச்சம். 4.6-ஐயும் இதையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 6.1, கிட்டத்தட்ட சீட்டில் இருந்தது. போர்டில் இருந்த சார்ட்டிலும் பத்தில் இரண்டு புள்ளி கோட்டுக்கு வெளியே கிடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த மாதிரி சார்ட்டில் புள்ளி வெளியே இருக்கும்போது 1.56 என்ற சிபியை யாரிடமும் பெருமையாகக் காட்டக் கூடாது, ஏற்றத்தை முழுக்க நிறுத்திவிட்டால் இந்த மெஷின் எட்டக்கூடிய உயரம் அது, இன்று கஸ்டமருக்குப் போகிற பெட்டியின் நிலவரம் இல்லை.

ஆயிரத்துக்கு எட்டு என்றேனே, அது பெட்டி முழுக்கச் சமமாகப் பரவி வராது. புது இன்சர்ட்டுக்குப் பிறகு வருகிற முதல் இருபது முப்பது பீஸில் ஒன்று கூட ஓவர்சைஸ் வராது, எல்லை அங்கிருந்து 22 மைக்ரான் தள்ளி இருக்கிறது. ஆஃப்செட் குறைக்கப் போவதற்குச் சற்று முன் எல்லை 8 மைக்ரான் தூரத்தில், கூட்டத்துக்குள் சிக்மா 4.6, அந்த இடத்தில் நூற்றுக்கு நாலு பீஸ் வெளியே போகும். காலையில் எடுத்த ஐந்து பீஸை மட்டும் பார்த்து ஓகே சொல்லும் இன்ஸ்பெக்டருக்கு இது கண்ணிலேயே படாது.

ஆபரேட்டர் ஏன் மேலே வரை விடுகிறார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "பெருசா போனா இன்னொரு கட்டு போட்டு எடுத்துக்கலாம் தம்பி, சின்னதாப் போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார் அவர். லேத் பிடித்த யாரும் இதைத்தான் சொல்வார்கள், நியாயமும் இருக்கிறது. ஓவர்சைஸ் டிரேவுக்குள் போகும், அண்டர்சைஸ் ஸ்கிராப் தொட்டிக்குள் போகும், டிரேவுக்குக் கணக்குக் கேட்பவர் குறைவு. அந்தச் சார்பு எந்தத் திட்ட விலக்கத்திலும் தெரியாது, சராசரியைப் பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் மாற்றியது இரண்டே விஷயம். ஆஃப்செட்டை 60 பீஸுக்குப் பதில் 30 பீஸுக்கு ஒருமுறை கொடுப்பது, அளவு மோசமாகத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எண்ணிக்கைப்படி. ஒரு பீஸ் கூட வந்துவிட்டதே என்று அவசரமாக ஆஃப்செட் கொடுக்கவும் கூடாது, சிக்மா 4.6 இருக்கும்போது தனி ஒரு பீஸ் 8, 9 மைக்ரான் தள்ளி வருவது சகஜம், அதைத் துரத்தினால் ஆட்டம்தான் கூடும். இரண்டாவது, தொடங்கும் இடத்தை 15.978-இலிருந்து 15.976-க்கு இறக்குவது.

முதல் மாற்றத்துக்குச் செட்டர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்குத்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நடுவுக்குக் கீழ வெச்சு ஓட்டச் சொல்றீங்களா சார், அண்டர்சைஸ் ஆனா யார் பொறுப்பு?" போர்டில் போட்டுக் காட்டினேன்: 15.976-இலிருந்து கீழ் எல்லை 15.957 வரை 19 மைக்ரான், கூட்டத்துக்குள் சிக்மாவில் நாலு மடங்குக்கு மேல். தொடங்கும் இடத்திலேயே அவ்வளவு இடம், அதற்கப்புறம் மேலேதான் போகப் போகிறது. அரை மனதோடு சரி என்றார். முதல் ஷிப்ட் முழுக்க ஒவ்வொரு பீஸையும் அவரே அளந்து பார்த்தார், நான் தடுக்கவில்லை.

அளப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவுக்கு 0.001 காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வேண்டும். ஒரு டீம் அவசரத்துக்கு 0.01 காட்டும் டிஜிட்டல் வெர்னியரை எடுத்தது, அதில் ரவுண்ட் ஆவதால் மட்டும் 2.9 மைக்ரான் திட்ட விலக்கம் சேரும், 6.2 போய் 6.8 ஆகும், பிபி 1.05-க்கு இறங்கிவிடும், வெர்னியரின் சொந்தப் பிழை தனி. அப்புறம் சூடு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் போல விரியும், 16 மி.மீ.-க்கு 10 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட 2 மைக்ரான். மைக்ரோமீட்டர் ஏசி ரூமில், பீஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வந்தது என்றால் மே மாதத்தில் இந்த வித்தியாசம் சாதாரணமாக வரும், அளந்த சராசரி மேல்பக்கம் தள்ளித் தெரியும். பீஸைக் கொண்டு வந்து மைக்ரோமீட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் போதும். அளந்ததும் எண்ணெய் தடவ மறக்கக் கூடாது, கடல் காற்றில் வெறுங்கை பட்ட பீஸில் மறுநாளே விரல் ரேகை துருவாக நிற்கும், அதை மறுபடி அளப்பதில் பிரயோஜனம் இல்லை.

மாற்றிய பிறகு அதே மாதிரி பத்துக் கூட்டம், 50 பீஸ். சராசரி 15.980, மொத்தக் குவியலின் திட்ட விலக்கம் 5.1 மைக்ரான். ஏற்றம் பாதியானால் 5 மைக்ரான் சொச்சம் வரும் என்று வில்லியனூர்ப் பையன் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தான். பிபி 43 வகுத்தல் 30.6, அதாவது 1.41. மேல் பக்கம் 20 வகுத்தல் 15.3, 1.31. கீழ்ப்பக்கம் 23 வகுத்தல் 15.3, 1.50. சிறியது 1.31, கஸ்டமர் கேட்ட 1.33-க்கு ஒரு நூல் குறைவு, அந்த ஒரு நூலுக்கு 50 பீஸில் அர்த்தமும் இல்லை.

1.31-ஐ 1.33 ஆக்குவது கஷ்டமே இல்லை, அதுதான் இதில் இருக்கிற ஆபத்து. குவியலிலிருந்து "சந்தேகமான" ஒரு பீஸை எடுத்துவிட்டால் போதும், அல்லது 5.1-க்குப் பதில் கூட்டத்துக்குள் சிக்மாவைப் போட்டுவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டால் போதும். நாங்கள் 1.31 என்றே எழுதி, மொத்தக் குவியலின் திட்ட விலக்கம், 50 பீஸ், 30 பீஸுக்கு ஒரு ஆஃப்செட் என்று பக்கத்தில் குறித்து, `h9`-உம் ரிவிஷன் எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் எடுத்த டிராயிங் போட்டோவையும் சேர்த்து அனுப்பினோம். அங்கிருந்து வந்த பதில் ஒரே கேள்வி: அடுத்த லாட்டில் 100 பீஸ் எடுத்து இதே கணக்கை அனுப்ப முடியுமா என்று. செட்டர் அண்ணன் இப்போது 15.975-க்கு இறக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதையும் பிள்ளைகளையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.